எழுதுவதெல்லாம் கண்ணதாசனாகவே வருகிறதா? உங்கள் குரலைப் பிரித்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் கவிதை எழுதத் தொடங்கும் பிள்ளைகளின் நோட்டைப் பிரித்தால், பத்துக்கு ஆறேழு பக்கங்களில் கண்ணதாசன் குரல்தான் கேட்கும். இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. 1927-இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்தவர், நம் பக்கத்து ஊர்க்காரர். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பேருந்திலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அவர் பாட்டைக் கேட்டே வளர்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அவருடைய வாக்கிய ஓட்டம் காதில் ஏறிவிடுகிறது. பின்னாளில் பேனாவை எடுத்ததும் அதே ஓட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்படி எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, "கொஞ்ச நாள் அவரைப் படிக்காதே" என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காதில் ஏறிய ஓசை புத்தகத்தை மூடுவதால் இறங்காது. படிப்பதை நிறுத்தினால் எது அவருடையது, எது நம்முடையது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணும் சேர்ந்தே மங்கிப்போகும். நான் சொல்லப்போவது அதற்கு நேர்மாறான வழி. அவரை இன்னும் நெருங்கிப் படித்து, எதிரொலி கவிதையின் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த மூட்டை மட்டும் கழற்றுவது.

உங்கள் காதில் இருப்பவர் வேறொரு கவிஞராக இருந்தாலும் வழி இதுதான். ஒரே ஒரு ஆளை வைத்துப் பேசினால் விளக்கமாகச் சொல்ல முடியும் என்பதால் கண்ணதாசனையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: கவிதையைத் தத்தகாரமாக எழுதிப் பாருங்கள்

காரைக்குடியில் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை காட்டிய கவிதை இது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் பூர்வீக வீட்டைப் பற்றி எழுதியிருந்தாள்.

ஆயிரம் சன்னல் இருக்குதடி – அதில்
ஆள்முகம் ஒன்றும் தெரியவில்லை
பாயிரம் போலே வாசலடி – அதைப்
படித்திட யாரும் வருவதில்லை
வந்தவன் எல்லாம் கட்டிவைத்தான் – அதில்
வாழ்ந்திட ஒருவன் மிஞ்சவில்லை
சொந்தம் என்பது சாவியடி – அது
துருப்பிடித் தாலும் சிரிப்பதில்லை

மோசமான கவிதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எதுகை சுத்தமாக விழுந்திருக்கிறது. ஆயிரத்துக்குப் பாயிரம் கண்டுபிடித்ததில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. மேடையில் வாசித்தால் கைதட்டு கிடைக்கும். ஆனால் எழுதியவளுக்கே அது திருப்தியாக இல்லை. "நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா நான் சொன்ன மாதிரி இல்லை" என்றாள். அந்தக் குறை சரியான குறை.

இப்போது சொற்களை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் எழுதுங்கள். மூன்றாவது அடி "தானன தானா தானதனா – தன" என்று வரும். மற்ற மூன்று முன்னடிகளும் சின்னச் சின்ன வேறுபாட்டோடு அதே அளவில்தான் நடக்கின்றன. இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரமாகச் சொல்வார், பாடலாசிரியர் அதற்குள் சொற்களை நிரப்புவார். கண்ணதாசனும் பெரும்பாலும் அப்படி மெட்டுக்குத்தான் எழுதினார்; சில சமயம் அவர் எழுதியதற்கு மெட்டு அமைந்தது. இந்தத் தங்கை எழுதும்போது அவளுக்கு யாரும் மெட்டுத் தரவில்லை. ஆனாலும் ஒரு மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கான தடயம் அடிக் கடைசியில் தொங்கும் சின்னச் சொற்களில் இருக்கிறது. அதில், அதை, அதில், அது. பாட்டில் இவற்றுக்கு வேலை உண்டு. பாடுகிறவரின் மூச்சை ஒரு அடியிலிருந்து அடுத்த அடிக்கு அவை தூக்கிக்கொண்டு போகின்றன. தாளில் படிக்கும் கவிதையில் அந்த வேலை இல்லை. அவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் ஒரு இம்மியும் குறையாது. பொருளுக்குத் தேவைப்படாமல் ஓசைக்கு மட்டும் நிற்கும் சொற்களை முதலில் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அடுத்து, ஓசைக்காகப் பொருள் வளைந்த இடங்களைத் தேடுங்கள். இந்தக் கவிதையில் அது கடைசி அடி. சாவி துருப்பிடிப்பது சரி. ஆனால் சாவி ஏன் சிரிக்க வேண்டும்? அவளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. "இல்லை" என்று முடியும் நான்காவது அடி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. மெட்டு கேட்டதை அவள் கொடுத்துவிட்டாள். இரவல் ஓசையில் எழுதும்போது இப்படி ஒரு பொருளற்ற அடி எங்காவது ஒளிந்திருக்கும். அது பெரும்பாலும் எதுகையோ இயைபோ விழும் இடத்திலோ, முடிவிலோ இருக்கும்.

இரண்டாம் படி: திருப்பத்தைக் கண்டுபிடியுங்கள்

ஓசையைப் பிடிப்பது எளிது. அதைவிட ஆழத்தில் இருப்பது வாக்கியம் திரும்பும் விதம். சொற்களை எல்லாம் மாற்றினாலும் இது மாறாமல் நிற்கும்.

தங்கையின் கவிதையில் முன்னடி எல்லாம் ஏதோ ஒன்றைத் தருகிறது, பின்னடி அதைப் பிடுங்குகிறது. சன்னல் இருக்கிறது, முகம் இல்லை. வாசல் இருக்கிறது, வருகிறவர் இல்லை. கட்டினான், வாழவில்லை. நான்கு முறையும் ஒரே அசைவு. கடைசியில் "சொந்தம் என்பது சாவியடி" என்று ஒரு விளக்கம். "இன்னது என்பது இன்னது" என்று தீர்ப்புச் சொல்லும் இந்த அமைப்பு, கண்ணதாசனைக் கேட்டு வளர்ந்தவர்களின் கையில் தானாக வந்து நிற்கும்.

இந்தத் திருப்பம் அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பார்ப்பது இங்கே மிகவும் உதவும். திரைப்பாட்டு ஒரு குறிப்பிட்ட கதாபாத்திரத்தின் வாயில், குறிப்பிட்ட கட்டத்தில் வருகிறது. அதே பாட்டைப் படமே பார்க்காதவர் வானொலியில் கேட்கும்போதும் அது நெஞ்சில் தைக்க வேண்டும். அதனால் அந்தப் பாத்திரத்தின் துயரத்தை எல்லோருக்கும் பொருந்தும் ஒரு பொது உண்மையாக உயர்த்தியாக வேண்டியிருக்கிறது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதும் அப்படித்தான்; இசையின் அமைப்பு அதைக் கேட்கிறது. உங்கள் கவிதைக்கு இந்த இரண்டு கட்டாயமும் இல்லை. உங்கள் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதும்போது அது உங்கள் வீடாக மட்டும் இருக்கலாம்.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே பாருங்கள். கவிதையில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார்? "இருக்குதடி", "வாசலடி" என்று யாரையோ "அடி" போட்டு அழைத்திருக்கிறாள். வீட்டில் யாரையாவது அப்படி அழைப்பாயா என்று கேட்டேன். தோழிகளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம். அந்த "அடி" பாட்டுக்குள்ளிருந்து வந்தது, அவள் வாழ்க்கையிலிருந்து வரவில்லை. தான் ஒருபோதும் நிற்காத இடத்தில் நின்று, தான் ஒருபோதும் பேசாத ஆளிடம் பேசினால், வருவது இரவல் குரலாகத்தான் இருக்கும்.

ஆக, குறிக்க வேண்டியவை நான்கு: ஓசைக்கு நிற்கும் சொல், பொருள் வளைந்த அடி, திரும்பத் திரும்ப வரும் திருப்பம், பேசுகிறவரும் கேட்கிறவரும். கவிதையை ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் கையால் படியெடுத்து, எதிர்ப்பக்கத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பார்த்துச் செய்தால் கண் சட்டென்று வழுக்கிப் போய்விடுகிறது. கையால் எழுதும்போதுதான் "இல்லை" என்பதை நான்காவது முறை எழுதுகிறோம் என்பது விரலுக்கே உறைக்கும்.

மூன்றாம் படி: உங்கள் கவிஞர் யாரிடமிருந்து எடுத்தார் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது இந்தப் படிதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1962-இல் வந்த "பாத காணிக்கை" படத்தில் கண்ணதாசன் எழுதிய பாட்டு எல்லோருக்கும் தெரியும். உறவு வீடு வரை, மனைவி வீதி வரை, பிள்ளை காடு வரை என்று போகும். அந்த அடுக்கு அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. பட்டினத்தார் பாடல் ஒன்றில் அது முழுதாக இருக்கிறது. பொருளும் வாழ்வும் "அகத்து மட்டே", அழுகிற பெண்கள் "வீதி மட்டே", தலையில் கைவைத்து அழும் மைந்தர் "சுடுகாடு மட்டே" என்று அவர் அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் பற்றித் தொடர்வது இருவினைப் புண்ணிய பாவம் என்று முடிக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு, வீதி, காடு மூன்றும் அதே வரிசையில் இருக்கின்றன. இவ்வளவு வெளிப்படையாக எடுத்தாண்டும் அந்தப் பாட்டை யாரும் பட்டினத்தாரின் நகல் என்று சொல்வதில்லை. ஏன்? கண்ணதாசன் மூன்று இடங்களில் கைவைத்திருக்கிறார். நீண்ட அடிகளைக் குறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சின்னத் துண்டுகளாக்கினார். "மட்டே" என்ற பழைய சொல்லை எடுத்துவிட்டு "வரை" என்று அன்றாடச் சொல்லைப் போட்டார். மூன்றாவதுதான் பெரிய மாற்றம். பட்டினத்தார் துறவி, நான்காவது இடத்தில் அவரிடம் ஒரு விடை இருக்கிறது. கண்ணதாசன் அந்த இடத்தில் விடையை எடுத்துவிட்டு "கடைசி வரை யாரோ" என்று கேள்வியை வைத்தார். நான்கில் மூன்றை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மாற்றினார். அவருடைய குரல் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதே பயிற்சிதான். உங்கள் கவிஞர் யாரைப் படித்தார் என்று தேடி, அவர்களைப் படியுங்கள். கண்ணதாசனுக்குக் கம்பன், பட்டினத்தார், சித்தர்கள், பாரதி, பாரதிதாசன், நாட்டுப்புறப் பாடல்கள். நமக்கு இது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் இன்றும் பங்குனியில் விழா எடுக்கிறது. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது. விழாவுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து விருத்தங்களைக் காதில் வாங்கினாலே போதும். கண்ணதாசன் என்று நாம் நினைத்திருந்த எத்தனையோ அசைவுகள் அவருக்கு முன்பே தமிழில் இருந்தவை என்று தெரியவரும்.

இதில் இரண்டு பலன். எதுகையும் மோனையும் அடுக்கும் முரணும் யாருடைய சொத்தும் இல்லை என்று தெரிந்துவிடும். அவற்றைப் பயன்படுத்துவதில் உள்ள குற்ற உணர்ச்சி போகும். அதோடு, தமிழுக்குப் பொதுவானதைக் கழித்துவிட்டால் அவருக்கே உரியது எவ்வளவு கொஞ்சம் என்பதும் தெரியும். நீங்கள் விலக வேண்டியது அந்தக் கொஞ்சத்திலிருந்து மட்டுமே.

பாரதிதாசன் செய்ததையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 1908-இல் பாரதி புதுச்சேரிக்கு வந்த பிறகு அவரோடு பழகியவர், அவருக்கே தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர். "எங்கெங்குக் காணினும் சக்தியடா" என்ற அவருடைய தொடக்க காலப் பாடலில் பொருளும் பாரதியுடையது, விளியும் பாரதியுடையது. பாரதியே அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பிட்டு "சுதேசமித்திர"னுக்கு அனுப்பினார். பின்னாளில் சுயமரியாதை இயக்கத்துக்குள் போனபோது, சக்தியைப் பாடியவரின் சீடர் பகுத்தறிவைப் பாட வேண்டிவந்தது. ஆசான் பாடியிராத பொருளை எடுத்ததும் ஆசானின் முடிப்பு அங்கே பொருந்தாமல் போனது, குரலும் மாறியது. தாசன் என்ற பெயரை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை.

நான்காம் படி: ஒரே ஒரு உத்தியை மட்டும் தடைசெய்யுங்கள்

இந்த இடத்தில் பலரும் அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். எதுகையை விட்டு, ஓசையை விட்டு, அடிகளை வெட்டிப் போட்டுப் புதுக்கவிதை என்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கண்ணதாசன் போன இடத்தில் வேறொரு கவிஞர் வந்து உட்கார்கிறார். சின்னச் சின்ன அடி, கடைசியில் ஒரு படிமம், அதற்கு முன் ஒரு வெற்றிடம் என்று அதுவும் ஒரு அச்சுதான். அடிகள் குட்டையானதால் உங்கள் குரல் வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டாம் படியில் குறித்தவற்றில் எது அதிக முறை வந்திருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அதைத் தொடக்கூடாது, மற்றதெல்லாம் எப்படி வந்தாலும் வரட்டும். தங்கைக்கு நான் சொன்ன தடை, தீர்ப்பு அடிக்குத்தான். "என்பது" வரக்கூடாது. வாழ்க்கை, காலம், உலகம், மனிதன், சொந்தம், பந்தம் ஆகிய சொற்களும் வரக்கூடாது. தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருபவை அவைதான். எதுகை வேண்டுமானால் வைத்துக்கொள் என்றேன்.

முதல் வாரத்தில் ஒன்றும் எழுத வரவில்லை என்றாள். அப்படித்தான் இருக்கும். கவிதை முடிந்தது என்று உங்களுக்கு இதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்தத் தீர்ப்பு அடி. அது இல்லாதபோது எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது. அந்தத் திணறல் வந்தால் சரியான உத்தியைத்தான் தடைசெய்திருக்கிறீர்கள். எந்தத் திணறலும் இல்லாமல் எழுத முடிந்தால் தவறான ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். நோட்டுக்குத் திரும்பிப்போய் வேறொன்றைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுப் பேச்சிலிருந்து பொருளை எடுங்கள்

உத்தியை எடுத்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். எதை வைப்பது என்பதற்கு விடை, நீங்கள் உண்மையில் என்ன பார்த்தீர்கள் என்பதில் இருக்கிறது. தங்கையிடம் கவிதையை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, போன தடவை அந்த வீட்டுக்குப் போனபோது என்ன நடந்தது என்று சும்மா கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டாள்.

முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் போயிருக்கிறார்கள். நடுமுற்றமான வளவைச் சுற்றி உள்ள அறைகளில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. அப்பத்தா தங்கள் அறையைத் திறந்து பாத்திரங்களை எண்ணச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. அப்பத்தாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. வெட்டிய எழுத்தை விரலால் தடவியே இது இன்னார் கல்யாணத்துக்கு வந்தது, இது இங்கேயிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். ஒரு சட்டியை மட்டும் எதுவும் சொல்லாமல் உள்ளே வைத்துவிட்டாளாம்.

இதில் ஒரு துளிகூட முதல் கவிதையில் இல்லை. சன்னலும் வாசலும் சாவியும் இருந்தன. அப்பத்தாவின் விரல் இல்லை. சன்னல் எல்லோருக்கும் தெரிந்தது, விரல் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

இங்கே செட்டிநாட்டுக்காரர்களுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, முகப்பு, பட்டாலை, கொட்டான், பெட்டகம் என்று நம் சொற்களை அள்ளிப் போட்டால் சொந்தக் குரல் வந்துவிடும் என்று தோன்றும். வராது. அது சுற்றுலாக் கையேடாகப் போய் நிற்கும். ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: கவிதைக்குள் அந்தப் பொருளை யாராவது கையால் தொடுகிறார்களா? பெட்டகத்தை ஒருத்தர் திறந்தால் அது இருக்கட்டும். சும்மா சுவரோரம் நின்றால் எடுத்துவிடுங்கள்.

பேச்சுமொழியிலும் அதே எச்சரிக்கை வேண்டும். வந்தாக, சொன்னாக, அவுக என்பதெல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது அந்த "ஆக"வில் ஒரு மரியாதையும் நெருக்கமும் சேர்ந்திருக்கின்றன. எழுத்துத்தமிழின் "ஆர்" விகுதியில் மரியாதை மட்டும்தான். முழுக் கவிதையையும் பேச்சிலேயே எழுதினால் நாடக வசனம் போல ஆகிவிடும். உங்கள் வீட்டுப் பேச்சில் எது இல்லாவிட்டால் அந்த ஆள் அந்த ஆளாக இருக்கமாட்டாரோ அதை மட்டும் உள்ளே விடுங்கள். தங்கைக்கு அது அந்த ஒற்றை விகுதி.

ஆறாம் படி: திருத்தி எழுதுவது

அவள் இரண்டாவதாகக் கொண்டுவந்ததில் அப்பத்தாவும் பாத்திரங்களும் வந்துவிட்டார்கள். "அதில்", "அதை" போயிருந்தன. ஆனால் கடைசி இரண்டு அடிகள் இப்படி இருந்தன:

பெயர் வெட்டிய பாத்திரத்தில்
பெருமூச்சுத்தான் மிச்சம்

"என்பது" வராமலே தீர்ப்பு பின்வாசல் வழியாக வந்துவிட்டது. இது மிகச் சாதாரணமாக நடக்கும். தடைசெய்த சொல்லை விட்டுவிட்டு அதே வேலையை வேறு சொல்லால் செய்வோம். கண்டுபிடிக்க வழி: கடைசி இரண்டு அடிகளை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மறைத்த பிறகும் கவிதை முழுதாக இருந்தால் அந்த அடிகள் விளக்கவுரை, வெட்டிவிடலாம். மறைத்ததும் ஏதோ ஒரு செய்தி குறைந்தால் அவை கவிதையின் பகுதி. இங்கே எந்தச் செய்தியும் குறையவில்லை.

இன்னும் சில முறை எழுதிய பிறகு வந்தது இது:

படைப்புக்கு முதல் நாள்
அப்பத்தா எங்கள் அறையைத் திறந்தாக.
பித்தளைச் சட்டிகளை எண்ணச் சொன்னாக.
நான் எண்ணினேன்.
அவுக எண்ணவில்லை.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் விரலை ஓட்டி
வெட்டிய எழுத்தைத் தடவி
இது பெரியவன் கல்யாணத்துக்கு,
இது மாமியார் ரங்கோனிலிருந்து கொண்டுவந்தது,
இது என் சீர் என்றாக.
ஒன்றை மட்டும்
ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்தாக.
எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஓசை செத்துப்போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். விளிம்பு, விரல், வெட்டிய என்று மோனை இருக்கிறது, ஆனால் அது அப்பத்தாவின் விரலோடு சேர்ந்து நகர்கிறது. "இது" மூன்று முறை வருகிறது. ஒரு கிழவி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் கணக்கு அது. திறந்தாக, சொன்னாக, என்றாக, வைத்தாக என்று இயைபு போல ஒன்றும் விழுகிறது. அதை அவள் தேடிப்போகவில்லை. பேச்சே அதைக் கொடுத்தது.

"ஒன்றை மட்டும் ஒன்றும் சொல்லாமல்" என்ற இடத்தில் கண்ணதாசன் இன்னும் இருக்கிறார். ஒரே சொல்லை இரண்டு பொருளில் திருப்பும் அந்தச் சுகம் அவரிடம் கற்றதுதான். எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தத் திருப்பம் அங்கே ஒரு வேலை செய்கிறது. அப்பத்தா மறைத்ததை அதுவும் மறைத்துக்கொள்கிறது. வேலை செய்யும் எதிரொலியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொருவரின் முழு அடியோ, அவருக்கே உரிய ஒரு படிமமோ அப்படியே வந்து விழுந்திருந்தால் அது வேறு விஷயம். ஒன்று எடுத்துவிட வேண்டும், அல்லது எடுத்தாண்டது என்று படிப்பவருக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

ஏழாம் படி: விலகியிருக்கிறதா என்று சோதிப்பது

எழுதிய சூட்டில் உங்களுக்குத் தெரியாது. மூன்று வாரமாவது நோட்டை மூடிவைத்துவிட்டு, பிறகு உங்கள் கவிஞரின் பாட்டு ஏதாவது ஒன்றின் மெட்டில் கவிதையைப் பாடிப் பாருங்கள். முதல் கவிதை எந்த மெட்டிலும் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். கடைசியாக எழுதியது "நான் எண்ணினேன்" என்ற இடத்திலேயே தடுக்கும். தடுக்கும் இடங்களைப் போய்ப் பாருங்கள். அங்கே பொருள் ஓசையை இழுத்துப் பிடித்திருந்தால் நல்லது. வெறும் கரடுமுரடாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

மற்றவரிடம் காட்டும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "எந்த அடி ஏற்கெனவே கேட்ட மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். கவிதை படிக்காதவர்கள் இதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள், அவர்களுக்குப் பாட்டுத் தெரியும். தங்கை இந்தக் கவிதையைத் தன் ஆத்தாவிடம் படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் எந்த அடியையும் சொல்லவில்லை. "எந்தச் சட்டியை அவுக சொல்லாம வச்சாக?" என்று கேட்டாராம்.

ஒரு கவிதையில் இது நடந்துவிட்டால் அடுத்ததிலும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சோர்வாக இருக்கும்போதும், தேதி குறித்து யாராவது கவிதை கேட்கும்போதும், பெரிய துக்கத்தை எழுதும்போதும் பழைய மெட்டு திரும்ப வரும். அப்போது முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாம் முறை வட்டமிட வேண்டிய சொற்கள் குறைவாக இருக்கும்.

பழைய நோட்டைக் கிழித்துப் போட வேண்டாம். மெட்டுக்குள் சொல்லை உட்கார வைக்கும் திறமை உங்களுக்கு வந்திருக்கிறது, அதற்கும் இடம் இருக்கிறது. நம் கல்யாணங்களில் வாழ்த்துப்பா அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே மணமக்களைப் பற்றி எல்லோருக்கும் பொருந்தும்படி நாலு நல்ல வார்த்தை, நாலு எதுகையோடு, பாடினால் இனிக்கும்படி வேண்டும். அதற்கு "ஆயிரம்–பாயிரம்" கைதான் சரி. அந்தத் தங்கை தன் அத்தை மகள் கல்யாணத்துக்கு அப்படி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், தீர்ப்பு அடியோடு.